அறிவிப்பு வாக்கியத்திலிருந்து நாட்காட்டிப் பதிவுக்கு: தொடக்கம், முடிவு, இடம்

ஒரு கூட்டத்தின் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் பத்தியாக வருகிறது. அதைப் படிப்பவருக்கு எப்போது, எங்கே போக வேண்டும் என்பது விளங்கிவிடுகிறது. அதே பத்தியைக் கைப்பேசியின் நாட்காட்டியில் ஏற்ற முனையும்போதுதான், வாக்கியம் சொல்லாமல் விட்டவை எத்தனை என்பது தெரியவருகிறது. ஆண்டு எது, எத்தனை மணிக்கு முடியும், ‘அதே இடம்’ என்பது எந்த இடம், இணையவழி உரையின் ஆறு மணி எந்த நாட்டின் ஆறு மணி என்று நாட்காட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்கிறது. இந்த விடைகளில் ஒன்று தவறினாலும் பல நேரங்களில் பிழைச் செய்தி எதுவும் வராது. கோப்பு ஒழுங்காக ஏறிவிடும்; நிகழ்வு மட்டும் வேறொரு நாளிலோ வேறொரு மணியிலோ உட்கார்ந்திருக்கும்.

ஆகவே இந்தப் பணியில் கடினமான பகுதி கோப்பை எழுதுவதன்று. கோப்பை எழுதுவதற்கு முன் எடுக்க வேண்டிய முடிவுகளே. இந்தக் கட்டுரை ஓர் அறிவிப்பை எடுத்துக்கொண்டு, அதன் வாக்கியங்களை நாட்காட்டியில் இறக்குமதி செய்யத்தக்க பதிவுகளாக மாற்றும் வழியை அடிப்படையிலிருந்து விளக்குகிறது.

## இறக்குமதிக் கோப்பு என்பது என்ன

நாட்காட்டிச் செயலிகளுக்குள் நிகழ்வுகளை மொத்தமாக ஏற்ற இரண்டு வகைக் கோப்புகள் பரவலாகப் பயன்படுகின்றன.

1. ஐகேலண்டர் கோப்பு. இதன் பெயர் `.ics` என்று முடியும். 1998இல் முதலில் வரையறுக்கப்பட்டு, 2009இல் ஆர்.எப்.சி. 5545 என்ற ஆவணமாகத் திருத்தி வெளியிடப்பட்ட பொதுத் தரம் இது. கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களின் நாட்காட்டிகளும் இதைப் படிக்கும். ஒவ்வொரு நிகழ்வும் `BEGIN:VEVENT` என்ற வரியில் தொடங்கி `END:VEVENT` என்ற வரியில் முடியும். இடையில் வரிக்கு ஒரு புலம் வீதம் விவரங்கள் இருக்கும்.

2. சி.எஸ்.வி. கோப்பு. காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட எளிய அட்டவணை இது. முதல் வரியில் நெடுவரிசைத் தலைப்புகளும், அதன் கீழ் நிகழ்வுக்கு ஒரு வரியும் இருக்கும். கூகுள் நாட்காட்டி இதை ஏற்கும். ஆனால் தலைப்புகள் `Subject`, `Start Date` என்று அது எதிர்பார்க்கும் ஆங்கிலச் சொற்களாகவே இருக்க வேண்டும். உள்ளே வரும் விவரம் தமிழில் இருக்கலாம்.

இரண்டிலும் நமக்கு வேண்டிய முதன்மையான புலங்கள் நிகழ்வின் பெயர், தொடக்கம், முடிவு, இடம் ஆகிய நான்கே. ஐகேலண்டரில் இவை முறையே `SUMMARY`, `DTSTART`, `DTEND`, `LOCATION` எனப்படும். இவற்றுக்கு அப்பால் வருவனவெல்லாம் `DESCRIPTION` என்ற குறிப்புப் புலத்துக்குப் போகலாம்.

## எடுத்துக்காட்டுக்கு ஓர் அறிவிப்பு

பின்வரும் பத்தி விளக்கத்துக்காக அமைக்கப்பட்டது. எனினும் நம் ஊர்களில் சுற்றுக்கு வரும் அறிவிப்புகளின் நடையிலேயே இருக்கிறது.

> கல்வெட்டு வாசிப்புப் பயிலரங்கு வரும் செப்டம்பர் 5, 6 (சனி, ஞாயிறு) ஆகிய இரு நாட்களும் தஞ்சாவூர் தெற்கு வீதியில் உள்ள நூலகக் கட்டடத்தின் இரண்டாம் தளக் கூட்டரங்கில் நடைபெறும். முதல் நாள் காலை 9.30க்குப் பெயர்ப்பதிவு. 10 மணி முதல் 1 மணி வரை எழுத்து வடிவங்கள் குறித்த வகுப்பும், உணவு இடைவேளைக்குப் பின் 2 முதல் 4.30 வரை படியெடுக்கும் பயிற்சியும் நடக்கும். இரண்டாம் நாள் காலை 7 மணிக்கு அதே இடத்திலிருந்து புறப்பட்டுப் பெரிய கோயிலில் களப்பயிற்சி, நண்பகலுக்குள் முடியும். அன்று மாலை 6 மணிக்கு மேல் இணையவழி நிறைவுரை. வெளிநாட்டு அன்பர்களும் இணையலாம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஆகஸ்டு 25, மாலை 5 மணி.

இந்த ஒரு பத்தியில் ஆறு பதிவுகள் இருக்கின்றன. விண்ணப்பக் கடைசி நாள், பெயர்ப்பதிவு, வகுப்பு, படியெடுக்கும் பயிற்சி, களப்பயிற்சி, நிறைவுரை என்று அவற்றைப் பிரிக்கலாம். ‘பயிலரங்கு’ என்று இரண்டு நாள் நீளத்துக்கு ஒரே பட்டையாகப் போடுவதும் இயலும். ஆனால் அப்படிச் செய்தால் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் புறப்பட வேண்டும் என்ற செய்தி நாட்காட்டியில் இராது. முதல் நாள் போலவே ஒன்பதரைக்கு வருபவர் பேருந்தைத் தவறவிடுவார். வந்து சேர வேண்டிய நேரமோ இடமோ மாறும் ஒவ்வொரு தருணத்துக்கும் தனிப் பதிவு வேண்டும் என்பதை அளவுகோலாகக் கொள்ளலாம். உணவு இடைவேளைக்குத் தனிப் பதிவு தேவையில்லை. இரண்டு பதிவுகளுக்கு நடுவே விழும் வெற்றிடமே அதைக் காட்டிவிடும்.

## முதற்படி: தேதியை உறுதிசெய்தல்

அறிவிப்பில் ஆண்டு இல்லை. ‘வரும்’ என்ற சொல் அறிவிப்பு வெளியான நாளைச் சார்ந்தது; ஆறு மாதம் கழித்து யாரோ அனுப்பிய பழைய அறிவிப்பாகவும் அது இருக்கக்கூடும். இங்கே கைகொடுப்பது அடைப்புக்குறிக்குள் இருக்கும் கிழமைதான். செப்டம்பர் 5ஆம் தேதி சனிக்கிழமையாக வரும் ஆண்டுகள் 2020, 2026, 2037 என்று நீண்ட இடைவெளியில் அமைகின்றன. எனவே 2026 என்று துணிந்து எழுதலாம். தேதியும் கிழமையும் பொருந்தாவிட்டால் இரண்டில் ஒன்று தவறு. அப்போது எது சரி என்று ஊகிக்காமல் அறிவித்தவரையே கேட்பதே முறை.

அடுத்தது தேதியின் எழுத்து வடிவம். நாம் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுகிறோம். சி.எஸ்.வி. இறக்குமதிக்குக் கூகுள் காட்டும் வடிவத்திலோ மாதம் முதலில் வருகிறது. செப்டம்பர் 5 என்பதை `05/09/2026` என்று எழுதினால் அது மே 9 ஆகிவிடும். இத்தகைய மாற்றத்தைக் கிழமையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் நம் எடுத்துக்காட்டில் அது உதவாது. 2026 மே 9ஆம் தேதியும் சனிக்கிழமைதான். இது அந்த ஆண்டின் தற்செயலும் அன்று. மே 9, செப்டம்பர் 5 ஆகிய இரண்டுக்கும் இடையே சரியாக 17 வாரங்கள் இருப்பதால் எந்த ஆண்டிலும் அவை ஒரே கிழமையில்தான் வரும். ஜூலை 11, நவம்பர் 7 ஆகியவையும் அதே 17 வார இடைவெளியில் இப்படி இணைந்தவையே.

இரண்டாம் நாளில்தான் குட்டு வெளிப்படுகிறது. `06/09/2026` என்பது ஜூன் 9 ஆகி, செவ்வாய்க்கிழமையில் விழும். கடைசி நாளான `25/08/2026` என்பதில் 25 என்ற மாதமே இல்லாததால் அந்த வரி முறையாக ஏறாது. ஆக, ஒரே கோப்பில் ஒரே பிழை மூன்று விதமாகத் தோற்றம் தருகிறது: ஒன்று தன்னைக் காட்டிக்கொடுக்கிறது, ஒன்று கிழமை மாறி நிற்கிறது, மற்றொன்று எந்த அடையாளமும் இன்றி மறைந்துகொள்கிறது. ஒரு பதிவை மட்டும் பார்த்து முழுக் கோப்பும் சரி என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஐகேலண்டரில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. ஆண்டு, மாதம், நாள் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு, `20260905` என எட்டு இலக்கங்களாக எழுத வேண்டும். அட்டவணை தயாரிக்கும் நிலையிலிருந்தே இந்த வரிசையில் எழுதி, இறுதியில் மட்டும் தேவையான வடிவத்துக்கு மாற்றுவது நல்ல பழக்கம்.

அழைப்பிதழ்களில் ஆவணி, புரட்டாசி என்று தமிழ்த் தேதியும் சேர்ந்து வரும். நாட்காட்டிக் கோப்பு கிரிகோரியன் தேதியை மட்டுமே ஏற்கிறது. தமிழ்த் தேதி மட்டும் கொடுக்கப்பட்டிருந்தால், அறிவித்தவர் எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறார் என்று கேட்டுத்தான் மாற்ற வேண்டும். மாதப் பிறப்பு, வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் இடையே சில மாதங்களில் ஒரு நாள் வேறுபடக்கூடும்.

## இரண்டாம் படி: மணியைப் படித்தல்

‘10 மணி முதல் 1 மணி வரை’ என்ற தொடரில் காலை, பிற்பகல் என்ற சொற்கள் இல்லை. ‘காலை 9.30’ என்று முந்தைய வாக்கியம் சொல்லியிருப்பதாலும், அடுத்து உணவு இடைவேளை வருவதாலும் நாம் உணர்ந்துகொள்கிறோம். கோப்பில் இதை 10:00 முதல் 13:00 வரை என்று இருபத்துநான்கு மணி முறையில் எழுதிவிட்டால் ஐயம் ஒழியும். ‘2 முதல் 4.30 வரை’ என்பது 14:00 முதல் 16:30 வரை. முடிவு தொடக்கத்துக்கு முன்னால் விழுகிறதா என்று ஒவ்வொரு வரியிலும் பார்த்தால் இவ்வகைப் பிழைகளில் பெரும்பாலானவை அகப்பட்டுவிடும்.

நாம் மணியையும் நிமிடத்தையும் புள்ளியிட்டுப் பிரிக்கிறோம். எக்செல் போன்ற அட்டவணைச் செயலி அந்தப் புள்ளியைத் தசமப் புள்ளியாகக் கொண்டு, 9.30 என்பதை 9.3 என்ற எண்ணாக்கிவிடும். இரட்டைப் புள்ளியிட்டு 9:30 என்று எழுதினால்தான் அது நேரம்.

நள்ளிரவை ஒட்டிய நேரங்களில் இன்னும் கவனம் வேண்டும். நம் மரபில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது; ஆகவே ‘வெள்ளிக்கிழமை பின்னிரவு 3 மணி’ என்று ஒருவர் சொன்னால், அது நாட்காட்டிக் கணக்கில் சனிக்கிழமை 03:00. அதேபோல் ‘சனிக்கிழமை இரவு 12 மணி’ என்பது ஞாயிற்றுக்கிழமை 00:00. கோயில் விழாக்களின் அறிவிப்புகளில் இவ்விரண்டும் அடிக்கடி வருகின்றன. ‘விடிந்தால் சனி’ என்று அறிவித்தவரே சேர்த்திருந்தால் சிக்கல் இல்லை. இல்லாதபோது கேட்டுத் தெளிவது நல்லது.

## மூன்றாம் படி: முடிவு நேரம்

அறிவிப்புகள் மிகுதியாக மறப்பது இதைத்தான். நம் பத்தியில் உள்ள ஆறு பதிவுகளில் மூன்றுக்கு முடிவு நேரம் நேரடியாகச் சொல்லப்படவில்லை. கடைசி நாளுக்கு முடிவு உண்டு, தொடக்கம் இல்லை. ஒவ்வொன்றையும் வெவ்வேறு முறையில் தீர்க்க வேண்டியிருக்கிறது.

1. பெயர்ப்பதிவு. அடுத்த நிகழ்ச்சி 10 மணிக்குத் தொடங்குவதால் அதுவே இதன் முடிவு. இது பத்தியிலிருந்தே பெறப்படும் முடிவு; ஊகம் அன்று.

2. களப்பயிற்சி. ‘நண்பகலுக்குள் முடியும்’ என்பது உச்ச வரம்பு. 12:00 என்று எழுதுவது சரியே. முன்னதாகவும் முடியலாம் என்பதைக் குறிப்பில் சேர்த்துவிடலாம். முகூர்த்த நேரத்தை ‘6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்’ என்று எழுதும் அழைப்பிதழ்களிலும் இதே அமைப்பு இருக்கிறது. அங்கே இரு எல்லைகளும் தெளிவாகக் கிடைத்துவிடுகின்றன. ஆனால் அவை தாலி கட்டும் நேரத்தின் எல்லைகளே தவிர, திருமண நிகழ்ச்சி முடியும் நேரம் அன்று.

3. நிறைவுரை. ‘6 மணிக்கு மேல்’ என்பதில் முடிவுக்கான தடயமே இல்லை. `DTEND` எழுதாமல் விட்டால், தரத்தின்படி அந்த நிகழ்வு தொடங்கிய கணத்திலேயே முடிந்துவிடுகிறது. நாட்காட்டியில் அந்த மாலை ஒழிந்திருப்பதாகவே தோன்றக்கூடும். ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு 19:00 என எழுதலாம். ஆனால் அது நாம் இட்ட எண் என்பதைக் குறிப்புப் புலத்தில் ‘முடிவு நேரம் அறிவிக்கப்படவில்லை, ஒரு மணி நேரம் எனக் கொள்ளப்பட்டது’ என்று எழுதியே ஆக வேண்டும். நாட்காட்டியில் ஏறிய பின் ஊகமும் உண்மையும் ஒரே தோற்றத்தில் நிற்கும். யாரும் பிரித்தறிய முடியாது.

4. கடைசி நாள். மாலை 5 மணி என்பது முடிவு மட்டுமே. அதற்குத் தொடக்கம் என்று ஒன்று கிடையாது. 17:00க்கு நீளமே இல்லாத பதிவாகப் போட்டால் பார்வைக்குத் தப்பிவிடும். நாள் முழுவதற்குமான பதிவாக்கி, நேரத்தைப் பெயரிலேயே சேர்த்து ‘விண்ணப்பம்: மாலை 5க்குள்’ என்று எழுதுவது நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து.

நாள் முழுவதற்குமான பதிவில் ஒரு விதியை மறக்கக் கூடாது. ஐகேலண்டரில் `DTEND` என்பது நிகழ்வின் கடைசிக் கணம் அன்று. நிகழ்வு முடிந்த பின் வரும் முதல் கணம். நேரம் குறித்த பதிவுகளில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. நேரமின்றித் தேதி மட்டும் எழுதும்போது தெரியும்:

```
DTSTART;VALUE=DATE:20260825
DTEND;VALUE=DATE:20260826
```

ஆகஸ்டு 25 என்ற ஒரே நாளுக்கு முடிவுத் தேதி 26 என்றுதான் எழுத வேண்டும். செப்டம்பர் 5, 6 ஆகிய இரு நாள் பயிலரங்கை ஒரே பட்டையாகப் போடுவதானால் முடிவு `20260907`. வாக்கியத்தில் உள்ளபடி 6 என்று எழுதினால் ஞாயிறு விடுபட்டு, சனிக்கிழமை மட்டும் வண்ணமாகத் தெரியும். பல நாள் நிகழ்வுகள் ஒரு நாள் குறைந்து தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

## நான்காம் படி: எந்த நாட்டு நேரம்

கூட்டரங்கில் நடக்கும் நிகழ்வுகளுக்கு நேர மண்டலம் பெரிதாகத் தோன்றாது. இணையவழி நிறைவுரைக்கு வெளிநாட்டிலிருந்து இணைபவர்கள் இருப்பதால் இது இன்றியமையாததாகிறது. ஐகேலண்டரில் நேரத்தை மூன்று விதமாக எழுதலாம்.

1. மண்டலம் குறிக்காத நேரம்: `20260906T180000`. பார்ப்பவர் எங்கிருந்தாலும் அவருடைய கடிகாரத்தின் மாலை ஆறு மணி என்றே பொருள்படும். டொராண்டோவில் இருப்பவரின் நாட்காட்டியும் மாலை ஆறு என்று காட்டும்; உரையோ அதற்கு ஒன்பதரை மணி நேரம் முன்பே தொடங்கியிருக்கும்.

2. உலகப் பொது நேரம்: `20260906T123000Z`. இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து, இறுதியில் `Z` சேர்க்க வேண்டும். இதைப் படிக்கும் ஒவ்வொரு நாட்காட்டியும் தன் ஊர் நேரத்துக்குத் தானே மாற்றிக்கொள்ளும். அதே உரை சிங்கப்பூரில் இரவு 8.30, லண்டனில் பிற்பகல் 1.30, டொராண்டோவில் காலை 8.30 என்று சரியாகத் தோன்றும்.

3. மண்டலப் பெயருடன்: `DTSTART;TZID=Asia/Kolkata:20260906T180000`. இதில் ஊர் நேரம் அப்படியே நிற்கும். தரத்தின்படி, அந்த மண்டலத்தை விவரிக்கும் `VTIMEZONE` பகுதியையும் கோப்பில் சேர்க்க வேண்டும்.

இந்தியாவிலோ இலங்கையிலோ நடக்கும் ஒருமுறை நிகழ்வுக்கு இரண்டாவது வழியே எளியது. இவ்விரு நாடுகளிலும் இப்போது கோடைக்கால நேர மாற்றம் இல்லை, இரண்டும் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் நிற்பவை. லண்டனில் வாரந்தோறும் நடக்கும் வகுப்புக்கு இது பொருந்தாது. அங்கே மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் கடிகாரம் மாறுவதால், பொது நேரத்தில் எழுதிய வாராந்தர வகுப்பு அந்நாளிலிருந்து ஒரு மணி நேரம் விலகிவிடும். அதற்கு மூன்றாவது வழிதான் ஏற்றது.

கழித்தலில் ஒரு சறுக்கல் உண்டு. காலை 5.30க்கு முந்தைய இந்திய நேரங்கள் பொது நேரத்தில் முந்தைய தேதிக்குப் போய்விடும். அதிகாலை 4 மணி என்பது முந்தைய நாள் `223000Z`. மணியை மாற்றிவிட்டுத் தேதியை மாற்ற மறந்தால் நிகழ்வு சரியாக ஒரு நாள் தள்ளி நிற்கும்.

சி.எஸ்.வி.யில் நேர மண்டலத்துக்குப் புலமே இல்லை. இறக்குமதி செய்பவரின் நாட்காட்டி எந்த மண்டலத்தில் அமைந்திருக்கிறதோ அதன்படியே நேரம் கொள்ளப்படும். எனவே வெளிநாட்டவருக்கும் அனுப்பப் போகும் கோப்பு சி.எஸ்.வி.யாக இருத்தல் ஆகாது.

## ஐந்தாம் படி: இடம்

`LOCATION` என்பது கட்டற்ற உரைப் புலம். எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதே அதன் சிக்கல். ‘அதே இடத்திலிருந்து’ என்று நம் பத்தி சொல்வதை அப்படியே எழுதினால், அந்தப் பதிவை மட்டும் திறந்து பார்ப்பவருக்கு எதுவும் விளங்காது. ஒவ்வொரு பதிவும் தனித்து நிற்க வேண்டும். முந்தைய பதிவைச் சுட்டும் சொற்களை விரித்தெழுத வேண்டும்.

களப்பயிற்சிக்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. நூலகக் கட்டடத்திலிருந்து புறப்பாடு, பெரிய கோயிலில் பயிற்சி. தொடக்க நேரத்தில் ஒருவர் எங்கே நிற்க வேண்டுமோ அதுவே இடப் புலத்துக்கு உரியது. காலை 7 மணிக்கு அவர் நிற்க வேண்டியது நூலக வாயிலில். கோயிலின் பெயர் நிகழ்வின் பெயரிலும் குறிப்பிலும் வரட்டும். இணையவழி நிகழ்வுக்கு ‘இணையவழி’ என்று எழுதி, இணைப்பு முகவரி வந்த பின் சேர்க்கலாம்.

தமிழில் எழுதும்போது இரண்டு விதிகள் இந்தப் புலத்தில்தான் அதிகம் மீறப்படுகின்றன. முதலாவது, முகவரியில் வரும் காற்புள்ளி. ஐகேலண்டரில் காற்புள்ளிக்கும் அரைப்புள்ளிக்கும் முன்னால் பின்சாய்வுக் கோடு இட வேண்டும். சி.எஸ்.வி.யில் அந்தப் புலம் முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முகவரியின் பகுதிகள் அடுத்தடுத்த நெடுவரிசைகளுக்குச் சிதறும்.

இரண்டாவது, வரியின் நீளம். ஐகேலண்டரில் ஒரு வரி 75 பைட்டுகளுக்கு மேல் போகக் கூடாது என்று தரம் சொல்கிறது. எழுத்துகளின் எண்ணிக்கை அன்று, பைட்டுகள். யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் கொள்ளும். ‘கூ’ என்ற எழுத்தில் ககரமும் உயிர்க்குறியும் என இரண்டு குறியீடுகள் இருப்பதால் ஆறு பைட்டுகள். ஆங்கில முகவரி ஒன்று ஒரே வரியில் அடங்கும் இடத்தில் தமிழ் முகவரி இரண்டு, மூன்று வரிகளாகும். நீளும் வரியை உடைத்து, அடுத்த வரியை ஓர் இடைவெளியுடன் தொடங்க வேண்டும். படிக்கும் செயலி அந்த ஓர் இடைவெளியை நீக்கிவிட்டு இரு வரிகளையும் ஒட்டிக்கொள்ளும். பல செயலிகள் நீண்ட வரியையும் பொறுத்துக்கொள்கின்றன என்றாலும், எல்லாம் அப்படிச் செய்யும் என்று நம்பிக் கோப்பை அனுப்ப முடியாது.

## கோப்பு இப்படி அமையும்

முதல் நாள் வகுப்பு மட்டும் உள்ள கோப்பு இது. மற்ற ஐந்து பதிவுகளும் இதே அமைப்பில் `END:VCALENDAR` என்ற வரிக்கு முன் சேரும்.

```
BEGIN:VCALENDAR
VERSION:2.0
PRODID:-//payilarangu//ta
BEGIN:VEVENT
UID:payilarangu-2026-03@example.org
DTSTAMP:20260801T043000Z
DTSTART:20260905T043000Z
DTEND:20260905T073000Z
SUMMARY:எழுத்து வடிவ வகுப்பு
LOCATION:கூட்டரங்கு\, 2ஆம் தளம்\,
  தெற்கு வீதி\, தஞ்சாவூர்
END:VEVENT
END:VCALENDAR
```

இட வரியின் தொடர்ச்சியில் இரண்டு இடைவெளிகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றைச் செயலி நீக்கிவிடும்; மற்றது காற்புள்ளிக்குப் பின் வர வேண்டிய உண்மையான இடைவெளி. `DTSTAMP` என்பது இந்தப் பதிவு உருவான நேரம். நிகழ்வோடு அதற்குத் தொடர்பில்லை. `UID` என்பது பதிவின் அடையாளம். கோப்பிலுள்ள ஆறு பதிவுகளுக்கும் வெவ்வேறாக இருக்க வேண்டும். ஒரு பதிவை நகலெடுத்து அடுத்ததைத் தயாரிக்கும்போது இதை மாற்ற மறப்பவர்கள் உண்டு. அப்போது ஆறு பதிவுகள் உள்ள கோப்பிலிருந்து ஒன்று மட்டும் நாட்காட்டியில் எஞ்சக்கூடும்.

அதே வகுப்பு சி.எஸ்.வி.யில்:

```
Subject,Start Date,Start Time,End Date,End Time,Location
எழுத்து வடிவ வகுப்பு,09/05/2026,10:00 AM,09/05/2026,1:00 PM,"கூட்டரங்கு, 2ஆம் தளம், தெற்கு வீதி, தஞ்சாவூர்"
```

இரண்டு கோப்புகளையும் யூ.டி.எஃப்.-8 முறையில் சேமிக்க வேண்டும். அறிவிப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானதாக இருந்தால், முதலில் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் நாட்காட்டியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குவியலே தெரியும்.

## ஏற்றிப் பார்த்தல்

கூகுள் நாட்காட்டியில் இறக்குமதி வசதி கணினி உலாவியின் அமைப்புகள் பக்கத்தில் இருக்கிறது. கைப்பேசிச் செயலியில் இல்லை. முதன்முறை ஏற்றும்போது, இதற்கென்றே புதிய வெற்று நாட்காட்டி ஒன்றை உருவாக்கி அதில் ஏற்றுவது நல்லது. பிழை இருந்தால் அந்த நாட்காட்டியை அப்படியே நீக்கிவிடலாம். சொந்த நிகழ்வுகளுக்கு நடுவே கலந்துவிட்டால் ஒவ்வொன்றாகத் தேடித்தான் அழிக்க வேண்டும்.

ஏறிய பின் பின்வருவனவற்றைப் பார்க்க வேண்டும்.

1. பத்தியிலிருந்து எண்ணிய ஆறும் நாட்காட்டியில் ஆறாக இருக்கின்றனவா?
2. ஒவ்வொரு பதிவின் மாதமும் கிழமையும் பத்தியோடு ஒத்துப்போகின்றனவா? மே, செப்டம்பர் குழப்பத்தைக் கிழமை மட்டும் காட்டாது என்பதை மேலே கண்டோம்.
3. நாட்காட்டியின் நேர மண்டலத்தைத் தற்காலிகமாகச் சிங்கப்பூருக்கு மாற்றினால் எல்லா நேரங்களும் இரண்டரை மணி நேரம் முன்னோக்கி நகர்கின்றனவா? நகராமல் நிற்கும் பதிவு மண்டலமின்றி எழுதப்பட்டது. நாள் முழுவதற்குமான பதிவு மட்டும் நகராமல் இருப்பது சரியே.

இறக்குமதி என்பது அந்த நேரத்து நிலையை நகலெடுப்பது மட்டுமே. பின்னர் நிறைவுரை 7 மணிக்குத் தள்ளிப்போனால், ஏற்கெனவே ஏற்றியவர்களின் நாட்காட்டி தானாக மாறாது. மாற்றிய கோப்பை மீண்டும் அனுப்ப வேண்டும். அப்போது `UID`வைப் பழையபடியே வைத்து, `SEQUENCE:1` என்ற வரியைச் சேர்த்து, `DTSTAMP` நேரத்தையும் புதுப்பிக்க வேண்டும். அதே அடையாளம் உள்ள பதிவைச் செயலி கண்டுகொண்டு திருத்தினால் நன்று. கண்டுகொள்ளாத செயலியில் பழையதும் புதியதுமாக இரண்டு நிறைவுரைகள் தோன்றும். சி.எஸ்.வி.யில் `UID`வுக்கு இடமே இல்லாததால், திருத்தம் வரக்கூடும் என்று தெரிந்த நிகழ்ச்சிக்கு அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எந்தக் கோப்பாயினும், மாற்றத்தை அனுப்பும் செய்தியில் பழைய நேரம் எது, புதிய நேரம் எது என்று வாக்கியமாகவும் எழுதி அனுப்பினால், இரண்டு பதிவுகள் தோன்றியவருக்கும் எதை நீக்குவது என்று தெரியும்.